ஒரு வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது தொடங்கிய மாத்திரை

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நான் சமுதாய சுகாதாரப் பணியாளர். ஒரு திங்கட்கிழமை காலை, இருமலும் காய்ச்சலும் இருந்த ஆண் குழந்தையைப் பார்த்தேன். ஒரு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. எடை 9.4 கிலோ. மூச்சு நிமிடத்துக்கு 54. அபாய அறிகுறி எதுவும் இல்லை. நிமோனியாவுக்கான அட்டவணைப்படி 250 மில்லிகிராம் கரையும் அமாக்சிசிலின் மாத்திரை, வேளைக்கு ஒன்று, காலை மாலை, ஐந்து நாளுக்கு 10 கொடுத்தேன். வியாழன் காலை மறுபடி போனபோது குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்தது. மூச்சு 44. காய்ச்சல் விட்டிருந்தது, பால் குடித்தான். அட்டையில் 4 மாத்திரை மீதி. செவ்வாய் காலை மாத்திரையை அப்படியே வாயில் போட்டதாகவும், அவன் துப்பிவிட்டதாகவும் தாய் சொன்னார். ஒரு வயதுக்கு மேல் வேளைக்கு இரண்டு என்கிறது அட்டவணை. 40-ஐத் தொட்டாலே வேகம் என்றும் சொல்கிறது. நான் ஒன்றாகவே தொடரச் சொல்லிவிட்டு வந்தேன். செய்தது சரியா என்று இன்னும் மனம் ஆறவில்லை.

பதில்: ஒன்றாகவே தொடரச் சொன்னது சரிதான். ஆனால் "சரி" என்ற ஒரு சொல்லோடு உங்களை அனுப்பிவைக்க மனமில்லை. உங்கள் குழந்தை அட்டவணையின் இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கோடு எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்தால், அடுத்த முறை இப்படி ஒருவன் வரும்போது நீங்களே முடிவெடுத்துவிடுவீர்கள்.

முதலில் மருந்தின் அளவு. மாத்திரை எண்ணிக்கையை உண்மையில் தீர்மானிப்பது எடை. ஒரு வேளைக்கு, கிலோவுக்குச் சுமார் 40 மில்லிகிராம் அமாக்சிசிலின் என்பதுதான் பின்னால் இருக்கும் கணக்கு. எல்லா வீட்டிலும் தராசு இருக்காது. இருந்தாலும் அழுகிற குழந்தையை அதில் நிறுத்த முடியாது. அதனால் எடைக்குப் பதிலாக வயதை வைத்துக்கொண்டார்கள். 2 மாதம் முதல் 12 மாதம் நிறையும் வரை உள்ள குழந்தை பெரும்பாலும் 4 கிலோவுக்கு மேல், 10 கிலோவுக்குள் இருக்கும். அதற்கு ஒரு மாத்திரை. ஒரு வயது முடிந்தால் பெரும்பாலும் 10 கிலோவைத் தொட்டிருக்கும்; அதற்கு இரண்டு. வயது இங்கே எடையின் பதிலாள் மட்டுமே. புதன்கிழமை பிறந்தநாள் வந்ததால் உங்கள் குழந்தையின் உடம்பில் எதுவும் மாறிவிடவில்லை. அவன் இன்னும் அதே 9.4 கிலோதான். எடை கையில் இருக்கும்போது எடையையே பாருங்கள். அவன் 10 கிலோவுக்குக் கீழே, ஒரு மாத்திரைக் கட்டத்தில் இருக்கிறான்.

இப்போது ஒரு சங்கடமான கணக்கையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 9.4 கிலோவை 40-ஆல் பெருக்கினால் 376 மில்லிகிராம் வரும். அதாவது ஒன்றரை மாத்திரை. நீங்கள் கொடுத்த ஒன்று, கிலோவுக்கு 27 மில்லிகிராமாகிறது. இரண்டு கொடுத்திருந்தால் 53. ஒன்று இலக்குக்குக் கீழே, மற்றது மேலே. கட்டத்தின் மேல்விளிம்பில் நிற்கும் குழந்தைக்கு எப்போதும் இப்படித்தான் குறைவாகக் கிடைக்கும். கீழ்விளிம்பில் நிற்கும் 4 கிலோ குழந்தைக்கு அதே ஒரு மாத்திரை கிலோவுக்கு 62 மில்லிகிராமாகிவிடும். அமாக்சிசிலின் தாராளமான மருந்து. இந்த ஏற்ற இறக்கத்தை அது தாங்கும் என்று தெரிந்துதான் கட்டங்களை இவ்வளவு அகலமாக வரைந்தார்கள். ஒன்று, இரண்டு என்று முழு எண்ணாகச் சொன்னால் தாய்க்கு மறக்காது. "ஒன்றரை" என்றால் மாத்திரையை உடைக்க வேண்டும், உடைத்த மீதி ஈரத்தில் கிடக்கும், அடுத்த வேளை எது என்று குழப்பம் வரும்.

அப்படியென்றால் வியாழனன்று இரண்டாகக் கூட்டியிருந்தால் தீங்கா? மருந்தளவில் தீங்கில்லை. நடைமுறையில் தீங்கு உண்டு. அட்டையில் இருந்தவை நான்கு. வேளைக்கு இரண்டு என்று சொல்லியிருந்தால் அன்று இரவோடு அவை தீர்ந்திருக்கும். ஐந்து நாள் மருந்து நான்கு நாளில் முடிந்திருக்கும். மூன்று நாளாக ஒன்று, இப்போது இரண்டு என்று நீங்கள் மாற்றிச் சொன்னால், "முன்பு குறைவாகக் கொடுத்துவிட்டார்களோ" என்ற எண்ணம் தாய்க்கு வரும். எனவே தொடங்கிய அன்று எந்தக் கட்டமோ, முடியும் வரை அதே கட்டம். குழந்தை தேறாமல் இருந்தாலும்கூட மாத்திரையைக் கூட்டுவது உங்கள் கையில் உள்ள வழி அல்ல, அனுப்பிவைப்பதுதான் வழி.

இனி அந்த 44. உங்கள் மனம் ஆறாததற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். திங்களன்று 50 என்ற கோட்டை வைத்துப் பார்த்த குழந்தையை, வியாழனன்று 40 என்ற கோட்டை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மூச்சு பத்து குறைந்திருக்கிறது. ஆனாலும் தாளில் அவன் இன்னும் "வேகம்" பக்கத்திலேயே நிற்கிறான்.

இந்த 50-ம் 40-ம் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் சொல்கிறேன். எக்ஸ்ரே இல்லாத, ஸ்டெதஸ்கோப்பே இல்லாத இடத்தில் சாதாரண இருமலையும் நிமோனியாவையும் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு, மூச்சை எண்ணுங்கள் என்ற விடையை 1980-களில் பாப்புவா நியூ கினியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஃப்ராங்க் ஷான் முன்வைத்தார். நம் வேலூரில் நடந்த ஆய்வு ஒன்று 1988-இல் வெளியானது. ஒரு வயதுக்குள் 50-க்கு மேல், அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு 40-க்கு மேல் என்று பிரித்தால் நுரையீரல் நோயை நன்றாகவே கண்டுபிடிக்கலாம் என்று அது காட்டியது. வயது ஏற ஏற மூச்சு இயல்பாகவே மெதுவாகும்; அந்தச் சரிவை இரண்டு படிகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 11 மாதம் 29 நாள் குழந்தைக்கு 46 இயல்பு, மறுநாள் அதே 46 நோய் என்று இயற்கை எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கோடுகள் எல்லாம் வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு உரியவை: இன்று மருந்து தொடங்க வேண்டுமா, வேண்டாமா? தொடங்கிய பின் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவன் திங்களன்று இருந்த இவனைவிட மேலா? அதற்கு அவனுடைய பழைய எண்தான் அளவுகோல். 54-லிருந்து 53 ஆனால் அது எண்ணியதில் வந்த பிசகாகவே இருக்கலாம். 54-லிருந்து 44 உண்மையான இறக்கம். அதோடு காய்ச்சல் விட்டிருக்கிறது, பால் குடிக்கிறான். மூன்றும் ஒரே திசையில் போகின்றன. இதைத்தான் தேறுகிறான் என்று சொல்ல வேண்டும். மீதி மாத்திரையை முடிக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கூடுதலாக ஒன்று செய்திருப்பேன்: மறுநாளும் போய் எண்ணியிருப்பேன். கோட்டுக்கு மேலே நிற்கும் எண்ணோடு குழந்தையை இரண்டு மூன்று நாள் பார்க்காமல் விட எனக்கு மனம் வராது. இன்னும் இறங்கினால் நிம்மதி. அங்கேயே நின்றாலோ ஏறினாலோ மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன். உங்கள் பதிவுத்தாளில், மறுபார்வையன்று மூச்சு வேகக் கோட்டுக்கு மேல் இருந்தாலே அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தால் தாளின்படியே செய்யுங்கள். இந்த இடத்தில் என் கருத்தைவிட அது பெரிது.

எண்ணியதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பத்து வித்தியாசத்தை நம்பலாமா என்பது எப்படி எண்ணினீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால், தவறவிட்ட ஒரு மூச்சு இரண்டாகிவிடும். சிறு குழந்தைகளின் மூச்சு சில நொடி விரைந்து சில நொடி தயங்கும் என்பதால் அரை நிமிடம் ஏமாற்றவும் செய்யும். குழந்தை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டும் இருக்கக்கூடாது. தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறோ நெஞ்சோ எழுவது எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அந்த ஒரே இடத்தில் கண்ணை வையுங்கள். கடிகாரத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தால் எண் தவறும். ஒரு நிமிடம் முடிந்ததும் ஒலிக்கும் டைமர் நல்லது. காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் வேகப்படுத்தும். ஆகையால் கோட்டை ஒட்டிய எண் வந்தால், குழந்தை அமைதியான பின் இன்னொரு முறை எண்ணுங்கள்.

சட்டையைத் தூக்கியிருக்கும்போதே நெஞ்சின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் கீழ் விளிம்பு வெளியே எழாமல் உள்ளே குழிந்தால், அது நெஞ்சு உள்வாங்குதல். இழுத்துப் பிடித்த சட்டைக்குள் இது தெரியவே தெரியாது. உள்வாங்கினால் மூச்சு எண் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை. உங்கள் நிலையில் அது அனுப்பவேண்டிய குழந்தை. குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், அமைதியாக இருக்கும்போதே மூச்சை இழுக்கையில் கரகரவென்று சத்தம் ஆகியவையும் அப்படியே. வாயால் விழுங்க முடிகிற குழந்தையானால், முதல் வேளை அமாக்சிசிலினைக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். போய்ச் சேரும் நேரம் வீணாகாது. இரண்டு மாதம் நிறையாத குழந்தையை இந்த அட்டவணைக்குள் கொண்டுவரவே கூடாது. மூச்சு 60-ஐத் தொட்டால் உடனே அனுப்ப வேண்டும்.

துப்பிய மாத்திரைக்கு வருகிறேன். என் கணக்கில் உங்கள் கடிதத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான வரி அதுதான். ஒன்றா இரண்டா என்று நாம் இவ்வளவு நேரம் பேசினோம். செவ்வாய் காலை அவனுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயிடம், எனக்கு முன்னாலேயே கரைத்துக் காட்டச் சொன்னேன். கோப்பை நிறையத் தண்ணீர் எடுத்தார், மாத்திரையைப் போட்டார், உடனே ஊட்டத் தொடங்கினார். குழந்தை நாலைந்து வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோப்பையைச் சாய்த்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. அடியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. மருந்தில் பெரும்பகுதி அந்த மாவிலும் மீந்த தண்ணீரிலும்தான் இருக்கிறது. அந்தத் தாய் மூன்று நாளாக ஒரு வேளை தவறாமல் கொடுத்துவந்தவர். அவர் பேரில் பிழை இல்லை. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, கரைக்கும் விதத்தை வாயால் மட்டும் சொன்ன எங்கள் பேரில்தான் பிழை.

கரையும் மாத்திரை உண்மையில் கரைவதில்லை. நீரில் உதிர்ந்து மிதக்கிறது. அதனால் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். ஒரு மாத்திரைக்கு இரண்டு சிறு கரண்டி, அதாவது சுமார் 10 மில்லிலிட்டர் சுத்தமான நீர் போதும். தாய்ப்பாலைப் பீய்ச்சியும் கரைக்கலாம். சிறு கிண்ணத்தில் போட்டு மெல்லச் சுழற்றினால் மூன்று நிமிடத்துக்குள் முழுவதும் உதிர்ந்துவிடும். உடனே ஊட்ட வேண்டும். வைத்திருந்து பிறகு கொடுக்கக்கூடாது. முடிந்ததும் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் நீர் விட்டு அலசி, அடியில் உள்ளதையும் கொடுக்க வேண்டும். இந்த அலசல்தான் எல்லோரும் மறக்கும் படி. முதல் வேளையை எப்போதும் உங்கள் கண்முன் தாயே கரைத்து, தாயே கொடுக்கட்டும். நீங்கள் செய்துகாட்டினால் அவர் தலையாட்டுவார். அவர் செய்தால்தான் எங்கே தவறுகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ துப்பினாலோ இன்னொரு மாத்திரையை அப்போதே கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று தாயிடம் சொல்லி வையுங்கள். அட்டையில் குறையுமே என்று அவர் தயங்குவார். குறைந்ததை நீங்கள் தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செவ்வாயன்று அப்படி நடக்கவில்லை. அட்டையைப் பார்த்தாலே இது விளங்குகிறது: திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளுக்கு ஆறு வேளை, ஆறு குழிகள் காலி, நான்கு மீதி. கணக்கு நேராக இருக்கிறது, ஆனால் ஆறில் ஒன்று தரையில் விழுந்த மாத்திரை. வெள்ளி மாலையோடு அட்டை தீரும்போது அவன் விழுங்கியது ஒன்பதுதான். நான் ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்து சனி காலையும் தரச் சொல்லியிருப்பேன். விட்ட வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

அட்டை என்றதும் இன்னொன்று. உங்கள் அட்டவணை மாத்திரைகளை எண்ணுகிறது, மில்லிகிராமை அல்ல. கரையும் அமாக்சிசிலின் 125 மில்லிகிராமிலும் வருகிறது. சரக்கு தீர்ந்த மாதத்தில் பெட்டியில் அது வந்து சேர்ந்து, பழைய பழக்கத்தில் "ஒன்று" என்று கொடுத்தால் பாதி மருந்துதான் போகும். உங்கள் குழந்தைக்கு அது கிலோவுக்கு 13 மில்லிகிராமாகியிருக்கும். ஒவ்வொரு புது அட்டையிலும் எண்ணைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பெரியவர்களுக்கான 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலைத் திறந்து கண்ணளவில் பிரிப்பது மாற்று வழியே அல்ல.

மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கும் இந்த விளிம்புத் தொல்லை உண்டு. சில அட்டவணைகளில் ஒரு வயது முதல் ஐந்து வரை எல்லோருக்கும் இரண்டு. உலக சுகாதார நிறுவனம் 2014-இல் திருத்திய அளவில் 3 வயது முதல் 5 வரை, அதாவது 14 கிலோவுக்கு மேல், வேளைக்கு மூன்று. உங்கள் கையில் இருப்பது எது என்று பார்த்து, பழையதாக இருந்தால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

கடைசியாக, ஒன்பது மாத்திரை போதுமாயிருந்திருக்குமா, குறைந்த அளவு வேலை செய்திருக்குமா என்று உங்களை உறுத்தினால், ஒரு தகவல். நெஞ்சு உள்வாங்காமல் மூச்சு வேகம் மட்டும் உள்ள குழந்தைகளில் பலருக்கு இருப்பது வைரஸ். அமாக்சிசிலின் அதைத் தொடாது. 2020-இல் வெளியான கராச்சி ஆய்வில் இத்தகைய குழந்தைகளில் பாதிப் பேருக்கு அமாக்சிசிலினும் மீதிப் பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 2.6 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 4.9 சதவீதத்தினருக்கும் சிகிச்சை பலிக்கவில்லை. இரு பக்கமும் மிகப் பெரும்பாலோர் தேறினார்கள். ஆனாலும் இடைவெளி உண்மையானது. எந்தக் குழந்தை அந்த இடைவெளியில் விழும் என்று வாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாததால்தான் எல்லோருக்கும் கொடுக்கிறோம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருந்தும் தேறாத குழந்தைக்கு ஆஸ்துமா போன்ற இளைப்போ, மலேரியாவோ, காசநோயோ, மூச்சுக்குழலில் சிக்கிய பொருளோ இருக்கலாம். வியாழனன்று உங்கள் குழந்தையின் மூச்சு 54-லேயே நின்றிருந்தால், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கக் கூடாது. அவனை அன்றே அனுப்பியிருக்க வேண்டும்.